சைஸும் கலரும் பெருகினாலும் சரக்குப் பட்டியல் பெருகாமல் இருக்க: ஆடை தயாரிப்பாளருக்கு ஓடூவில் வேரியண்ட் அமைக்கும் முழு வழிகாட்டி

திருப்பூரில் உள்நாட்டு விற்பனைக்கு டி-ஷர்ட் தைக்கும் ஒரு யூனிட்டின் சரக்குப் பட்டியலை எக்செல்லில் வாங்கிப் பார்த்தேன். 1,900 வரிகள். அதில் "ஆர்என் நேவி எம்", "ரவுண்ட் நெக் நேவி ப்ளூ மீடியம்", "ஆர். நெக் என். ப்ளூ எம்" என்று மூன்று வரிகள் தனித்தனியாக இருந்தன. மூன்றும் ஒரே சட்டைதான். சேர்த்துப் பார்த்தால் 212 பீஸ் என்று காட்டியது. ஆனால் ஆர்டர் எடுப்பவர் முதல் வரியை மட்டும் பார்த்து, 14 பீஸ்தான் இருக்கிறது என்று 60 பீஸ் கேட்ட கடைக்காரரைத் திருப்பி அனுப்பியிருந்தார். "சார், எது ஒரிஜினல் வரின்னு எனக்கே தெரியலை" என்றார் கணக்குப் பார்க்கும் பெண். அவர் மேல் தப்பில்லை. ஒவ்வொரு சைஸையும் ஒவ்வொரு கலரையும் கையால் தட்டி ஒரு பொருளாக உருவாக்கச் சொன்னால் யாருக்கும் இதுதான் நடக்கும்.

அந்த யூனிட்டில் 24 ஸ்டைல். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 8 கலர், 5 சைஸ். பெருக்கினால் 960 வர வேண்டும். மீதி எல்லாம் ஒரே பொருளுக்கு வைத்த வேறு வேறு பெயர்கள். அந்த 24 ஸ்டைலை 24 டெம்ப்ளேட்டாக, அதாவது சைஸும் கலரும் சேராத தாய்ப் பொருளாக, எப்படி மாற்றினோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நாங்கள் பயன்படுத்தியது `Odoo` 17 என்ற தொழில் மேலாண்மை மென்பொருள். மற்ற பதிப்புகளில் பொத்தான்கள் கொஞ்சம் இடம் மாறியிருக்கும், வேலை செய்யும் விதம் பெரிதாக மாறாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 960 வேரியண்ட்டும், அதாவது ஒவ்வொரு சைஸ்-கலர் சேர்க்கையும், கணினிக்குள் இருக்கத்தான் செய்யும். நேவி எம் எத்தனை, நேவி எல் எத்தனை என்று தனித்தனியாக எண்ண வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு இருந்தே ஆக வேண்டும். ஆனால் அவற்றை நீங்கள் உருவாக்குவதில்லை, பெயர் வைப்பதில்லை, ஒவ்வொன்றிலும் போய் விலை போடுவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது 24 மட்டும்.

முதலில் பேப்பரில்: எது வேரியண்ட், எது இல்லை

கணினியைத் திறக்கும் முன் கட்டிங் மாஸ்டரையும் குடோன் பார்ப்பவரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: இது மாறினால் பேட்டர்ன் மாறுமா? மாறினால் அது வேறு ஸ்டைல், வேறு டெம்ப்ளேட். பேட்டர்ன் அப்படியே இருந்து, குடோனில் மட்டும் வேறு ரேக்கில் வைத்துத் தனியாக எண்ணுவீர்கள் என்றால் அது வேரியண்ட். சைஸ் மட்டும் இதற்கு விதிவிலக்கு. சைஸுக்குச் சைஸ் பேட்டர்ன் கிரேடிங் ஆகும், ஆனாலும் அது ஒரே ஸ்டைலின் குடும்பம்தான்.

இப்படிப் பார்த்தால் ரவுண்ட் நெக், காலர், அரைக் கை, முழுக் கை எல்லாம் தனி டெம்ப்ளேட் ஆகிவிடும். துணியின் ஜிஎஸ்எம்மும் அப்படித்தான். 160 ஜிஎஸ்எம் சட்டைக்கும் 180 ஜிஎஸ்எம் சட்டைக்கும் துணி வேறு, விலை வேறு, வாங்குகிற கடைக்காரரும் பெரும்பாலும் வேறு. கையையும் கழுத்தையும் அட்ரிப்யூட்டாக, அதாவது சைஸ், கலர் போல மாறும் அம்சமாக, சேர்த்தால் அழகாகத்தான் தெரியும். ஆனால் 8 கலர், 5 சைஸ், 2 கை, 2 கழுத்து என்று பெருக்கினால் ஒரே டெம்ப்ளேட்டில் 160 வேரியண்ட் வரும். அதில் பாதியை நீங்கள் தைக்கவே மாட்டீர்கள். ஒரு டெம்ப்ளேட்டுக்குச் சைஸ், கலர் என்று இரண்டு அட்ரிப்யூட் போதும். மூன்றாவது ஒன்றைச் சேர்க்கச் சொல்லி யார் கேட்டாலும், அதற்கென்று தனி ரேக் இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம் ஷேடு. டையிங்கிலிருந்து வரும் நேவி ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு நூலிழையாவது மாறும். அதனால் "நேவி 1", "நேவி 2" என்று கலர் பட்டியலை நீட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ஷேடு வித்தியாசம் துணியின் லாட்டைச் சேர்ந்தது. துணிப் பொருளில் `Tracking` என்ற இடத்தில் `By Lots` வைத்து, டையிங் லாட் எண்ணை அங்கே பதியுங்கள். கடைக்காரர் கேட்பது நேவிதான்.

கலர் பட்டியலும் சைஸ் பட்டியலும்

`Sales` ஆப்பில் `Configuration` > `Settings` போய் `Variants`, `Variant Grid Entry` இரண்டையும் டிக் செய்து சேமியுங்கள். அதன்பின் `Configuration` > `Attributes`. இங்கே இரண்டே இரண்டு வகை மட்டும் உருவாக்குங்கள்: சைஸ், கலர்.

கலர் பட்டியல் முழு நிறுவனத்துக்கும் ஒன்றுதான். துணிக்கும் அதே, சட்டைக்கும் அதே. நாங்கள் டையிங் ஷேடு கார்டை மேஜையில் விரித்து, 31 பெயர்களை 17 ஆகக் குறைத்தோம். நேவி, நேவி ப்ளூ, டார்க் நேவி மூன்றும் ஒரே கார்டு எண்ணில் இருந்தன. ஒவ்வொரு கலருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்றை அப்போதே முடிவு செய்யுங்கள், பின்னால் தேவைப்படும். புதிய கலரைச் சேர்க்கும் அனுமதியை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். எல்லோருக்கும் கொடுத்தால் ஆறே மாதத்தில் பழைய எக்செல் திரும்பி வந்துவிடும்.

சைஸில் ஒரு சிக்கல் உண்டு. டி-ஷர்ட்டுக்கு எஸ், எம், எல் என்று போகும். பனியனுக்கு 80, 85, 90 என்று செண்டிமீட்டரில் போகும். இரண்டையும் ஒரே பட்டியலில் கொட்டாமல் "சைஸ் டி-ஷர்ட்", "சைஸ் பனியன்" என்று இரண்டு அட்ரிப்யூட் வைப்பது நல்லது. மதிப்புகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை இழுத்து வரிசைப்படுத்துங்கள். ஆர்டர் எடுக்கும் கட்டத்தில் அதே வரிசைதான் வரும்.

இங்கேயே `Variants Creation Mode` என்று ஒன்று இருக்கிறது. இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் அட்ரிப்யூட்டை ஒரு பொருளில் பயன்படுத்திவிட்டால் பிறகு இதை மாற்ற முடியாது. `Instantly` வைத்தால் டெம்ப்ளேட்டைச் சேமித்தவுடன் எல்லாச் சேர்க்கைகளும் உருவாகிவிடும். `Dynamically` வைத்தால் ஆர்டரில் ஒரு சேர்க்கையைக் கேட்கும்போதுதான் அது உருவாகும். `Never` வைத்தால் வேரியண்ட்டே உருவாகாது, ஆர்டரில் ஒரு குறிப்பாக மட்டும் நிற்கும்.

கேட்டவுடன் `Dynamically`தான் புத்திசாலித்தனமாகத் தோன்றும். பயனில்லாத பதிவு ஒன்றுகூட வராதே! வாங்குபவர் ஆர்டர் கொடுத்த பிறகே தைக்கும் ஏற்றுமதி யூனிட்டுக்கு அது சரி. ஆனால் முன்கூட்டியே தைத்து குடோனில் வைத்து விற்பவர்களுக்கு அது இடிக்கும். உற்பத்தி ஆர்டர் போடும்போது வேரியண்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரும் இன்னும் ஆர்டர் செய்யாத மெரூன் எக்ஸ்எல் அந்தப் பட்டியலில் இருக்கவே இருக்காது. தொடக்க இருப்பை ஏற்றும்போதும் இதே தடைதான். ஆகவே உள்நாட்டு பிராண்டுக்கு `Instantly` வைத்து, அந்தந்த ஸ்டைலில் உண்மையில் தைக்கும் கலர்களை மட்டும் டெம்ப்ளேட்டில் சேர்ப்பதே என் பரிந்துரை. மொத்தம் 17 கலர் இருந்தாலும் ஒரு ஸ்டைலுக்கு 8தான் போடுவீர்கள். 8 × 5 = 40. தவறிப்போய் எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கினாலும், ஒரே டெம்ப்ளேட்டில் 1,000 வேரியண்ட்டுக்கு மேல் போனால் ஓடூ தானே தடுத்துவிடும். அந்தத் தடைச் செய்தி வந்தால் வரம்பை உயர்த்த வழி தேடாதீர்கள். அட்ரிப்யூட் கூடிவிட்டது என்று அர்த்தம்.

டெம்ப்ளேட்

இனி பொருளை உருவாக்கலாம். பெயரில் சைஸோ கலரோ வரக்கூடாது: "ரவுண்ட் நெக் அரைக் கை 180". விற்பனை விலை, வரி, எச்எஸ்என் 6109 எல்லாம் இங்கே ஒரே முறை. `Attributes & Variants` தாவலில் முதல் வரியில் சைஸ், இரண்டாவது வரியில் கலர். இந்த வரிசை முக்கியம். கட்டத்தில் முதல் அட்ரிப்யூட் குறுக்கே தலைப்பாக வரும், அடுத்தது கீழ்நோக்கி வரிகளாக வரும். சைஸ் ஐந்து, கலர் எட்டு என்பதால் சைஸ் குறுக்கே இருந்தால்தான் திரைக்குள் அடங்கும். கையால் ஆர்டர் புக் எழுதியவர்களுக்கும் அந்த அமைப்புதான் பழகியது. `Attributes` பட்டியலிலும் சைஸை மேலே வைத்துவிடுங்கள்.

அதே தாவலில் `Sales Variant Selection` என்ற இடத்தில் `Order Grid Entry` தேர்ந்தெடுங்கள். இனி ஆர்டரில் ஸ்டைல் பெயரைத் தட்டினால் 8 வரி, 5 பத்தி கொண்ட கட்டம் திறக்கும். நேவி வரியில் 10, 20, 20, 20, 10 என்று தட்டிக்கொண்டே போகலாம். முன்பு 40 பொருளைத் தேடித் தேடிச் சேர்த்த ஆர்டர் ஒரே திரையில் முடிந்துவிடும். ஆர்டர் எடுப்பவர் இந்த முறையை உண்மையிலேயே விரும்பும் இடம் இதுதான். வேரியண்ட் வேலையின் மற்ற எதுவும் அவர் கண்ணில் படாது.

வெள்ளையில் டபுள் எக்ஸ்எல் தைப்பதில்லை என்றால், கலர் வரியின் `Configure` பொத்தானை அழுத்தி, வெள்ளைக்கு எதிரே `Exclude for` பகுதியில் இந்த ஸ்டைலையும் டபுள் எக்ஸ்எல்லையும் குறியுங்கள்.

சைஸ் வரியின் `Configure` திரையில்தான் கூடுதல் விலையைப் போட வேண்டும். டபுள் எக்ஸ்எல்லுக்கு 15 ரூபாய் அதிகம் என்றால் ஒரே இடத்தில் 15 போட்டால் எட்டுக் கலருக்கும் சேர்ந்துவிடும். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். டிஸ்ட்ரிப்யூட்டருக்கான விலைப்பட்டியலில் இந்த ஸ்டைலுக்கு நிலையான விலை என்று 210 போட்டால், கூடுதல் 15 அங்கே சேராது. எஸ் சைஸும் 210, டபுள் எக்ஸ்எல்லும் 210. நாங்கள் இதைக் கண்டுபிடித்தது மூன்றாவது பில்லில். விற்பனை விலையிலிருந்து இத்தனை சதவீதம் கழிவு என்று விதி எழுதினால் கூடுதல் விலை தானாகச் சேர்ந்தே வரும். விலைப்பட்டியல் போட்டவுடன் ஒரு சோதனை ஆர்டரில் எம் ஒன்று, டபுள் எக்ஸ்எல் ஒன்று போட்டு இரண்டு விலையையும் பார்த்துவிடுங்கள்.

குறியீடும் பார்கோடும்

வேரியண்ட் தானாக வந்தாலும் அதன் `Internal Reference` காலியாகத்தான் இருக்கும். 40 வேரியண்ட்டையும் திறந்து திறந்து நிரப்ப வேண்டாம். `Products` > `Product Variants` போய், அந்த ஸ்டைலின் வேரியண்ட்களைத் தேர்ந்தெடுத்து, `External ID`, `Display Name`, `Internal Reference`, `Barcode` ஆகிய நான்கு பத்திகளை எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்யுங்கள். `Display Name` பத்தியில் சைஸும் கலரும் தெரியும், அதைப் பார்த்துக் குறியீட்டை நிரப்பலாம்.

```
RN180-NVY-M
RN180-NVY-L
RN180-WHT-M
```

நிரப்பியதும் `Display Name` பத்தியை நீக்கிவிட்டு மீதியை அப்படியே இறக்குமதி செய்யுங்கள். `External ID` இருப்பதால் புதிதாக எதுவும் உருவாகாது, இருக்கும் வேரியண்ட்டில்தான் போய் உட்காரும். இந்தப் பத்தியை விட்டுவிட்டு, பெயர்ப் பத்தியோடு இறக்குமதி செய்தால் 40 புதுப் பொருள் வந்து நிற்கும், பழைய கதை மறுபடியும் தொடங்கும். இறக்குமதிக்கு முன் ஒருமுறை `Test` அழுத்துங்கள்.

பிஓஎம்: ஒரு ஸ்டைலுக்கு ஒன்று

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பொருளை 24 ஆகச் சுருக்கிவிட்டு, 960 வேரியண்ட்டுக்கும் தனித்தனி பிஓஎம், அதாவது மூலப்பொருள் பட்டியல், எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். தேவையில்லை. `Bill of Materials` உருவாக்கும்போது `Product` இடத்தில் டெம்ப்ளேட்டைப் போட்டு, `Product Variant` இடத்தைக் காலியாக விடுங்கள். அப்போது ஒவ்வொரு வரியிலும் `Apply on Variants` என்ற பத்தி கிடைக்கும். எந்த வரி எந்த வேரியண்ட்டுக்கு என்பதை அங்கே சொல்லலாம்.

எங்கள் ரவுண்ட் நெக் 180-க்கு எழுதியது இப்படி. மெயின் லேபிள், பாலிபேக், நூல் ஆகியவற்றுக்கு `Apply on Variants` காலி, எல்லாவற்றுக்கும் பொது. சைஸ் லேபிளுக்கு ஐந்து வரி, ஒவ்வொன்றிலும் ஒரு சைஸ். துணிக்கு எட்டு வரி, நேவி துணிக்கு எதிரே நேவி, வெள்ளைத் துணிக்கு எதிரே வெள்ளை. கழுத்து ரிப்புக்கும் அதே போல எட்டு. மொத்தம் 24 வரி. ஒரு வரியில் நேவியும் மெரூனும் போட்டால் இரண்டில் எதுவானாலும் பொருந்தும். நேவியும் எம்மும் போட்டால் இரண்டும் சேர்ந்த வேரியண்ட்டுக்கு மட்டும் பொருந்தும்.

சரி, துணி அளவு சைஸுக்குச் சைஸ் மாறுமே? மாறும். உதாரணத்துக்குச் சேதாரத்தோடு சேர்த்து எஸ் 155 கிராம், எம் 170, எல் 185, எக்ஸ்எல் 200, டபுள் எக்ஸ்எல் 220 என்று வைத்துக்கொள்வோம். இதைச் சரியாக எழுத வேண்டுமென்றால் துணிக்கு மட்டும் 40 வரி வேண்டும். ஆனால் கட்டிங் டேபிளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாஸ்டர் எம்மைத் தனியாக, எல்லைத் தனியாக வெட்டுவதில்லை. 1:2:2:2:1 என்று ரேஷியோ போட்டு, ஐந்து சைஸையும் ஒரே லேயில் வெட்டுகிறார். துணியும் லேவுக்குத்தான் எடை போட்டுக் கொடுக்கப்படுகிறது. அதனால் ரேஷியோவின் சராசரியைப் போடுவதே நடைமுறைக்கு நெருக்கமானது. 155 + 340 + 370 + 400 + 220 = 1,485. எட்டு பீஸால் வகுத்தால் 185.6 கிராம். எட்டு வரியிலும் 0.1856 கிலோ.

கணினியில் அளவின் தசம இலக்கம் இரண்டாக இருந்தால் இது 0.19 ஆகிவிடும். 10,000 பீஸில் 44 கிலோ கூடுதலாகக் காட்டும். `Settings` > `Technical` > `Decimal Accuracy` போய் `Product Unit of Measure` இலக்கத்தை நான்காக்குங்கள். டெவலப்பர் மோடில்தான் இந்த மெனு தெரியும். கிலோ என்ற அலகின் ரவுண்டிங் மதிப்பையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

சராசரி எப்போது ஏமாற்றும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் யூனிஃபார்முக்கு 1,000 பீஸ் டபுள் எக்ஸ்எல் மட்டும் என்று ஆர்டர் வந்தால் கணினி 185.6 கிலோ கேட்கும், டேபிளில் 220 கிலோ போகும். 34 கிலோ குறை. அப்படிப்பட்ட ஆர்டருக்கு உற்பத்தி ஆர்டரில் துணி அளவைக் கையால் திருத்திவிட்டுத் தொடங்குங்கள். மாதம் ஒருமுறை வரும் ஆர்டருக்காக 40 வரி பராமரிக்க வேண்டியதில்லை. மாதம் பத்து முறை வருகிறது என்றால் 40 வரியே மேல்.

இந்தப் பகுதியில் இரண்டு தவறுகள் சத்தமில்லாமல் நடக்கும். துணி வரியில் `Apply on Variants` நிரப்ப மறந்தால், எந்தக் கலரைத் தைத்தாலும் அந்தத் துணி கூடவே வரும். நேவி சட்டைக்கு நேவித் துணியும் மெரூன் துணியும் கேட்கும். இதையாவது கண்ணில் பார்த்துவிடலாம். மற்றது மோசம். டெம்ப்ளேட்டில் புதிதாக ஆலிவ் கலர் சேர்த்துவிட்டு, பிஓஎம்மில் ஆலிவ் துணி வரியைச் சேர்க்க மறந்தால், உற்பத்தி ஆர்டர் துணியே இல்லாமல் ஓடும். பிழைச் செய்தி எதுவும் வராது. லேபிளும் பாலிபேக்கும் மட்டும் கழியும், சட்டையின் அடக்கவிலை சில ரூபாயில் நிற்கும், துணி இருப்பு குடோனில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். ஒரு ஸ்டைலின் எல்லா வேரியண்ட்டின் `Cost` பத்தியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு கலர் மட்டும் அசாதாரணமாக மலிவாக இருந்தால் அதற்குத் துணி வரி இல்லை. அதனால் புதுக் கலர் என்றால் எங்களிடம் ஒரே மூச்சில் நான்கு வேலை: துணிப் பொருளில் கலர், சட்டை டெம்ப்ளேட்டில் கலர், பிஓஎம்மில் துணி வரியும் ரிப் வரியும், கடைசியில் குறியீடு.

ஓடிக்கொண்டிருக்கும் டெம்ப்ளேட்டில் கை வைக்கும்போது

இருக்கும் அட்ரிப்யூட்டில் ஒரு மதிப்பைச் சேர்ப்பது பாதுகாப்பானது. புது வேரியண்ட்கள் வரும், பழையவை அசையாது. ஆனால் இருப்பும் பில்லும் உள்ள டெம்ப்ளேட்டில் புதிய அட்ரிப்யூட்டை இரண்டு மதிப்புகளோடு சேர்த்துச் சேமித்தால், பழைய 40 வேரியண்ட்டும் பொருந்தாமல் போய்விடும். அவை ஆர்க்கைவ் ஆகி, அதாவது திரையிலிருந்து மறைந்து, புதிதாக 80 வந்து நிற்கும். இருப்பு எல்லாம் ஆர்க்கைவ் ஆனவற்றின் மேல் தங்கிவிடும். விற்பனைத் திரையில் எல்லாம் பூஜ்யம். ஒரு யூனிட்டில் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு இது நடந்து, ஒரு நாள் முழுக்க டெஸ்பாட்ச் நின்றது. `Product Variants` பட்டியலில் `Archived` வடிகட்டியைப் போட்டபோதுதான் சரக்கு எங்கே போனது என்று தெரிந்தது.

கட்டாயம் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், முதலில் ஒரே ஒரு மதிப்போடு சேர்த்துச் சேமியுங்கள். இருக்கும் வேரியண்ட்கள் அந்த மதிப்பை ஏற்றுக்கொண்டு அப்படியே இருக்கும். அதன்பின் இரண்டாவது மதிப்பைச் சேர்த்தால் புதியவை மட்டும் கூடும். முதலில் டேட்டாபேஸின் நகலில் செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

கலரை நிறுத்தும்போதும் அவசரப்பட வேண்டாம். டெம்ப்ளேட்டிலிருந்து மெரூனை நீக்கினால் மெரூன் வேரியண்ட்களும் ஆர்க்கைவ் ஆகும். கடைசிப் பீஸ் விற்று இருப்பு பூஜ்யம் ஆன பிறகு நீக்குங்கள்.

பழைய இருப்பை ஏற்றுவது

பழைய எக்செல்லில் ஒரு புதுப் பத்தி சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே புதுக் குறியீட்டை எழுதினோம். 1,900 வரிக்கும் இது கையால்தான். இரண்டு பேருக்கு மூன்று நாள் பிடித்தது, குறுக்கு வழி கிடையாது. பிறகு குறியீடு வாரியாகக் கூட்டி வந்த எண்ணை நேரே ஏற்றவில்லை. அதை அச்சிட்டு ரேக்கில் வைத்து எண்ணினோம். கூட்டலில் 212 என்று வந்த நேவி எம், ரேக்கில் 187 இருந்தது. ஏற்றியது 187. மீதி 25 பீஸ் எப்போதோ பில் போட்டுப் போயிருந்தன. மூன்று வரியில் எதில் கழிப்பது என்று தெரியாமல் யாரும் கழிக்கவில்லை.